அந்தச் செய்தி யாருக்காகக் காத்திருக்கிறது?

வாட்ஸ்அப்பைத் திறக்கிறீர்கள். யாரோ ஏதோ அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர் பெயர் தெரிகிறது, அனுப்பிய நேரம் தெரிகிறது. ஆனால் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: `Waiting for this message. This may take a while.` எழுதி அனுப்பினார்களா, படம் அனுப்பினார்களா, குரலில் பேசி அனுப்பினார்களா என்றுகூட அந்த வரி சொல்லாது. தொட்டுப் பார்த்தாலும் அதே வரிதான்.

இதைப் பார்த்தவுடன் நம்மில் பெரும்பாலோர் மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்வோம். நெட் சரியில்லை என்போம். போனில் இடம் நிறைந்துவிட்டது என்போம். அனுப்பியவரே அழித்துவிட்டார் என்போம். மூன்றும் காரணம் இல்லை. நெட் சரியில்லை என்றால் அந்த வரியே வந்திருக்காது. இடம் இல்லையென்றால் போன் அதை வேறு விதமாகச் சொல்லும். அனுப்பியவர் எல்லோருக்குமாக அழித்திருந்தால், அழித்துவிட்டார் என்ற குறிப்பு அங்கே இருக்கும். உண்மையில் செய்தி உங்கள் கைபேசிக்கு வந்து சேர்ந்துவிட்டது. பூட்டியபடி வந்திருக்கிறது. பூட்டைத் திறக்கும் சாவி உங்களிடம் இல்லை. அதுதான் சிக்கல்.

சாவி ஏன் இல்லாமல் போனது என்பதைப் புரிந்துகொள்ள, கும்பகோணத்தில் இருக்கும் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொன்னால் எளிதாக இருக்கும். அவருடைய பழைய கைபேசியில் பேட்டரி உப்பி, பின்மூடி எழும்பிவிட்டது. ஒரு சனிக்கிழமை மாலை அதை அணைத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புதிய போன் ஒன்று வாங்கினார். கடைப்பையனே சிம்மை மாற்றிப் போட்டு, வாட்ஸ்அப்பை நிறுவி, வந்த ஓடிபியைப் போட்டு, பேக்கப்பையும் இறக்கிக் கொடுத்தான். பழைய பேச்செல்லாம் அப்படியே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பியிடமிருந்து ஒரு செய்தி. நேரம் இரவு 7.15 என்று காட்டுகிறது. உள்ளே அந்த ஒரு வரிதான். ஒரு மணி நேரம் பொறுத்தார். வரவில்லை. தம்பிக்குப் போன் போட்டார், அவன் எடுக்கவில்லை. அவன் வேலை செய்யும் இடத்தில் போனை வாசலிலேயே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று அவனுக்கு இரவு ஷிஃப்ட்.

மறுநாள் காலை அந்த வரி இருந்த இடத்தில் தம்பி எழுதியது தானாக வந்து நின்றது. அக்கா எதுவும் செய்யவில்லை. இடைப்பட்ட அந்த இரவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் சாவி எங்கே உண்டாகிறது என்று பார்ப்போம். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனாளர்கள் எல்லோருக்கும் முழு மறையாக்கத்தைக் கொண்டுவந்து முடித்தது. என்கிரிப்ஷன் என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான். அதற்கு அது பயன்படுத்துவது சிக்னல் நெறிமுறை. மாக்ஸி மார்லின்ஸ்பைக், ட்ரெவர் பெரின் ஆகிய இருவர் உருவாக்கியது. இந்த ஏற்பாட்டில், செய்தி அனுப்புபவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கப்படுகிறது. நடுவில் இருக்கும் வாட்ஸ்அப் சர்வருக்கு அதைத் திறக்க வழியில்லை.

நீங்கள் வாட்ஸ்அப்பை நிறுவி எண்ணைப் பதிவு செய்யும் அந்த நொடியில், உங்கள் கைபேசி தனக்கென்று ஒரு சாவி இணையைத் தயாரிக்கிறது. இணையில் ஒன்று ரகசியச் சாவி. அது போனைவிட்டு எங்கும் போகாது. மற்றது பொதுச் சாவி. அது சர்வருக்குப் போகும். பொதுச் சாவியைத் திறந்த நிலையில் இருக்கும் பூட்டு என்று எண்ணிக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் பெட்டியில் மாட்டி அழுத்திப் பூட்டலாம். திறப்பதற்கு உரிய சாவி வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். உங்கள் போன் இப்படி ஒரு நிரந்தரப் பூட்டையும், அவ்வப்போது மாற்றப்படும் ஒரு பூட்டையும், ஒரே ஒருமுறை மட்டும் பயன்படும் பூட்டுகள் ஒரு கட்டையும் சர்வரிடம் கொடுத்து வைக்கிறது. நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் உங்களுக்கு ஒருவர் பத்திரமாகச் செய்தி அனுப்ப முடிவது இதனால்தான். அவர் போன் சர்வரிடமிருந்து உங்கள் பூட்டுகளை வாங்கி, தன்னுடைய சாவிகளோடு சேர்த்துக் கணக்கிட்டு, உங்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ளும். முதல் செய்தி வந்ததும் உங்கள் போனும் அதே கணக்கைப் போட்டு அதே ரகசியத்துக்கு வந்து சேரும். இரண்டு போன்களுக்கும் நடுவே இப்படி ஏற்படும் இணைப்புக்கு செஷன் என்று பெயர்.

செஷன் ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடரும். ஆனால் அதற்குள் சாவி ஒன்றேயாக இருப்பதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புதுச் சாவி. இருவரும் வைத்திருக்கும் ரகசியத்திலிருந்து ஒரு கணக்கின் மூலம் இந்தச் செய்திக்கான சாவியும், அடுத்த செய்திக்கான விதையும் பிறக்கின்றன. அந்தக் கணக்கை முன்னோக்கி மட்டுமே போடலாம். இன்றைய விதையை வைத்து நேற்றைய சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. செய்தியைத் திறந்து படித்ததும் அதன் சாவியைப் போன் அழித்துவிடுகிறது. இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், நாளை உங்கள் போன் ஒருவன் கையில் சிக்கி, அதிலிருக்கும் சாவிகளை அவன் எடுத்துவிட்டாலும், இத்தனை நாள் இணையத்தில் போய்வந்த பூட்டிய செய்திகளை அவன் பதிவு செய்து வைத்திருந்தாலும், பழையதைத் திறக்க அவனால் ஆகாது. இது மிகப் பெரிய பாதுகாப்பு. அதற்கு நாம் கொடுக்கும் விலைகளில் ஒன்றுதான் அந்தக் காத்திருக்கும் வரி.

இப்போது அக்காவின் சனிக்கிழமைக்கு வருவோம். மாலை 6 மணிக்குப் பழைய போன் அணைந்துவிட்டது. இரவு 7.15க்கு, ஷிஃப்டுக்குள் நுழைவதற்கு முன், தம்பி செய்தி அனுப்புகிறான். அக்கா போன் மாற்றப்போவது அவனுடைய போனுக்குத் தெரியாது. பழைய போனோடு இருந்த செஷனை வைத்து, அதன் அடுத்த சாவியால் செய்தியைப் பூட்டி அனுப்பிவிட்டது. அவன் திரையில் ஒற்றை டிக். அக்காவின் போன் இணைப்பில் இல்லாததால் பூட்டிய செய்தியை சர்வர் தன்னிடம் வைத்துக்கொண்டது. இப்படிச் சேராத செய்திகளை வாட்ஸ்அப் சர்வர் 30 நாள் வரை வைத்திருக்கும். தம்பி போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

8.30 மணிக்குக் கடைப்பையன் புதுப் போனில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்கிறான். அப்போது புதுப் போன் புதிதாக ஒரு சாவி இணையை உண்டாக்குகிறது. எண் அதேதான், ஆள் அதேதான். ஆனால் மறையாக்கத்தின் கணக்கில் இது வேறொரு ஆள் மாதிரிதான். பழைய பூட்டுகளை எல்லாம் சர்வர் தள்ளிவிட்டுப் புதியவற்றை வாங்கி வைத்துக்கொள்கிறது. அடுத்துப் பேக்கப் இறங்குகிறது. இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. பேக்கப் வந்தால் எல்லாமே வந்துவிட்டதாக நினைக்கிறோம். பேக்கப்பில் இருப்பது ஏற்கெனவே திறந்து படித்த செய்திகளும் படங்களும்தான். தம்பியோடு இருந்த செஷனின் ரகசியமும், பழைய போனின் நிரந்தரச் சாவியும் அதில் இல்லை. அவை பழைய போனுக்குள்ளேயே தங்கிவிட்டன. பேக்கப்பில் அவற்றையும் வைத்தால், அந்தப் பேக்கப் ஒருவன் கையில் சிக்கும் நாளில் அத்தனை பாதுகாப்பும் போய்விடும் அல்லவா?

பதிவு முடிந்ததும் புதுப் போன், ‘எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?’ என்று சர்வரைக் கேட்கிறது. சர்வர், தான் வைத்திருந்த 7.15 செய்தியைக் கொடுக்கிறது. போன் அதைத் திறக்கப் பார்க்கிறது. எந்தச் சாவியால் பூட்டினார்களோ அந்தச் சாவி இந்தப் போனில் என்றைக்குமே இருந்ததில்லை. திறக்கவில்லை. ஆனால் வந்ததைக் கீழே போட்டுவிடவும் முடியாது. எனவே அது இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, அக்காவின் திரையில் அந்தக் காத்திருக்கும் வரியைப் போடுகிறது. இரண்டாவது நம் கண்ணுக்குத் தெரியாதது: தம்பியின் போனுக்கு சர்வர் வழியாக ஒரு சீட்டு அனுப்புகிறது. ‘நீ அனுப்பிய இன்ன செய்தியை என்னால் திறக்க முடியவில்லை, என் புதுப் பூட்டு இது, இதில் பூட்டித் திரும்ப அனுப்பு’ என்பதே அந்தச் சீட்டின் சாரம். பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும் ரசீதுக்குப் பதிலாக இது போவதால் தம்பியின் திரையில் இன்னும் ஒற்றை டிக்தான்.

இதை சர்வரே செய்துவிட முடியாதா என்று கேட்கத் தோன்றும். முடியாது. சர்வரிடம் இருப்பது பூட்டிய பெட்டி மட்டும். அதைத் திறந்து வேறு பூட்டு மாட்ட வேண்டும் என்றால் அதனிடமும் சாவி இருக்க வேண்டும். சர்வரிடம் சாவி இருந்தால் நம் பேச்செல்லாம் அந்த நிறுவனம் படிக்கக் கூடியதாகிவிடும். செய்தி வெறும் எழுத்தாக இருக்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: தம்பியின் போன். அது விழித்து, சீட்டைப் படித்து, தன்னிடம் இருக்கும் மூலச் செய்தியை எடுத்து, புதுப் பூட்டைப் போட்டு அனுப்பினால்தான் உண்டு. ஆக, அந்தச் செய்தி காத்திருப்பது நெட்டுக்காக இல்லை, நிறுவனத்துக்காகவும் இல்லை. அனுப்பியவரின் கைபேசி ஒருமுறை இணையத்துக்கு வருவதற்காக.

ஞாயிறு காலை ஷிஃப்ட் முடிந்து தம்பி போனை எடுத்து நெட்டைப் போட்டதும் சில நொடிகளில் எல்லாம் நடந்து முடிந்தது. அவன் போன் சீட்டை வாங்கி, அக்காவின் சாவி மாறியிருப்பதைக் கண்டு, பழைய செஷனை ஒதுக்கிவிட்டுப் புது செஷனைத் தொடங்கி, 7.15 செய்தியை மறுபடி பூட்டி அதே அடையாள எண்ணோடு அனுப்பியது. அடையாளம் அதே என்பதால் அக்காவின் போன் அதைப் புதுச் செய்தியாகக் கீழே சேர்க்காமல், காத்திருந்த வரியின் இடத்திலேயே வைத்தது. அதனால்தான் ஞாயிறு காலை வந்த செய்தி சனிக்கிழமை இரவு நேரத்தோடு நிற்கிறது. தம்பிக்கு இது எதுவும் தெரியாது. அவன் பார்த்தது ஒற்றை டிக் இரட்டையானதை மட்டும்.

திறக்க முடியாத செய்திக்குப் பெயரும் நேரமும் மட்டும் எப்படித் தெரிந்தது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்பது பூட்டுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. அது தெரியாவிட்டால் சர்வரால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. முழு மறையாக்கம் எதை மறைக்கிறது, எதை மறைப்பதில்லை என்பதை இந்த ஒரு வரியே நமக்குக் காட்டிவிடுகிறது. பேச்சின் உள்ளடக்கம் மறைகிறது. யார் யாரோடு பேசினார்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிகிறது.

இந்த இடத்தில் ஒரு தவறான வைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். அன்று இரவு அக்காவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்ன யோசனை இது: “அத்தை, வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க, சரியாயிடும்.” நல்லவேளை, “காலைல தம்பிகிட்டயே கேட்டுக்கறேன்டா” என்று அவர் விட்டுவிட்டார். மறுபடி நிறுவினால் மறுபடி புதுச் சாவி. தம்பிக்கு அனுப்பிய சீட்டில் இருந்த பூட்டு அத்தோடு பழையதாகிவிடும். அவன் போன் காலையில் விழித்து அந்தப் பழைய பூட்டை நம்பிப் பூட்டி அனுப்பினால், அதுவும் திறக்காது. அந்த இரவில் வேறு யாரெல்லாம் செய்தி அனுப்பி, அது இன்னும் சர்வரில் இருக்கிறதோ அதற்கெல்லாமும் இதே கதி. ஒரு செய்திக்காகச் செய்த வைத்தியம் பத்துச் செய்திகளுக்கு நோயாகும். இந்த யோசனையைத்தான் பலரும் நல்ல மனத்தோடு சொல்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

உருப்படியான வழி ஒன்றுதான். அனுப்பியவரை அழைத்து, “கொஞ்சம் வாட்ஸ்அப்பைத் திறந்து வையுங்கள்” என்று சொல்வது. நெட் போட்டிருந்தாலும், பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாடு பல போன்களில் பின்னணியில் இருக்கும் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது, திறந்தால் விழித்துக்கொள்ளும். இருவரில் யாராவது மிகப் பழைய வாட்ஸ்அப்பை வைத்திருந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது வேறு, அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது வேறு. புதுப்பித்தால் சாவி மாறாது.

குழுக்களில் இது இன்னும் விசித்திரமாகத் தெரியும். அக்காவின் குடும்பக் குழுவில் அந்த வாரம் ஒருவர் செய்தி தெரிந்தது, அடுத்தவர் செய்தி தெரியவில்லை. பெரியப்பா அனுப்பியது மட்டும் இரண்டு நாள் காத்திருந்தது. ஒரே குழுவில் ஏன் இந்த வித்தியாசம்? குழுவுக்கென்று பொதுவாக ஒரு சாவி கிடையாது. குழுவில் பேசும் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு அனுப்புச் சாவியை உண்டாக்கி, அதை மற்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பூட்டி அனுப்பி வைக்கிறார்கள். அதன் பிறகு அவர் குழுவில் போடும் செய்தியை அந்தச் சாவியால் ஒருமுறை பூட்டினால் போதும்; சர்வர் அதையே எல்லோருக்கும் பிரதி எடுத்து அனுப்பும். நாற்பது பேர் குழு என்றால் நாற்பது முறை பூட்ட வேண்டியதில்லை. ஆனால் அக்காவின் புதுப் போனில் யாருடைய அனுப்புச் சாவியும் இல்லை. ஒவ்வொருவர் போனும் அக்காவுக்குப் புதுப் பூட்டு வந்ததை அறிந்து, தன் சாவியை மறுபடி அனுப்ப வேண்டும். எப்போதும் நெட்டில் இருக்கும் சித்தி மகளின் போன் அதை உடனே செய்துவிட்டது. பெரியப்பாவோ காலையில் ஒரு வணக்கம் போட்டுவிட்டு டேட்டாவை அணைத்துவிடுவார். அக்காவின் சீட்டு அவருக்குப் போய்ச் சேரவே மறுநாள் ஆகும். சாவி மாற்றம் ஒன்றுதான்; ஆனால் குழுவில் எத்தனை பேர் பேசுகிறார்களோ அத்தனை போன்களும் தனித்தனியாக அதைச் சரிசெய்தாக வேண்டும்.

கணினியில் வாட்ஸ்அப் பார்ப்பவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். முன்பெல்லாம் கணினித் திரை வெறும் கண்ணாடிதான். போனில் இருப்பதை அப்படியே காட்டும், போன் அணைந்தால் அதுவும் அணையும். 2021இல் அந்த ஏற்பாடு மாறியது. இப்போது உங்கள் எண்ணோடு இணைத்த ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சாவி. ஒருவர் உங்களுக்கு ஒரு வரி அனுப்பினால், அவர் போன் அதை உங்கள் போனுக்கு ஒரு முறை, அலுவலகக் கணினிக்கு ஒரு முறை, வீட்டு மடிக்கணினிக்கு ஒரு முறை என்று தனித்தனியாகப் பூட்டுகிறது. ஆகவே போனில் நன்றாகத் தெரியும் செய்தி கணினியில் காத்திருக்கும் வரியாக நிற்கலாம். போனோடு உள்ள செஷன் சரியாக இருந்து, கணினியோடு உள்ள செஷன் மட்டும் கெட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். கணினியிலும் போனிலும் வாட்ஸ்அப்பைச் சற்று நேரம் திறந்து வைத்துப் பார்க்கலாம். அப்படியும் தொடர்ந்தால் `Linked devices` பகுதியில் அந்தக் கணினியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி இணைக்கலாம். போனின் சாவியை அது தொடாது. முதன்மைப் போனை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் இணைத்த கருவிகள் தாமாகவே வெளியேறிவிடும். திரும்ப இணைக்கும்போது அவற்றுக்குப் புதுச் சாவிதான்.

இனி, சிலர் தலையில் ஏற்கெனவே எழுந்திருக்கக் கூடிய சந்தேகத்துக்கு வருகிறேன். தம்பியின் போன் அவனைக் கேட்காமலே புதுப் பூட்டை நம்பி, செய்தியை மறுபடி அனுப்பியது. அந்தப் புதுப் பூட்டு அக்காவுடையதுதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. சர்வர் சொன்னதை நம்பியது. இந்தக் கேள்வி 2017 ஜனவரியில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த டோபியாஸ் போல்ட்டர் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார். நிறுவனமே, அல்லது அரசு நிர்பந்தித்தால் நிறுவனத்தின் வழியாக வேறொருவர், பெறுபவரின் பெயரில் போலிப் பூட்டு ஒன்றை வைத்தால், இன்னும் சேராத செய்திகள் அந்தப் பூட்டில் பூட்டப்பட்டுப் போய்விடுமே என்பது அவர் வாதம். லண்டனின் கார்டியன் நாளிதழ் இதை வாட்ஸ்அப்பின் ‘பின்வாசல்’ என்று செய்தியாக்கியது. உடனே பாதுகாப்புத் துறை வல்லுநர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு அந்தச் செய்தியைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். சமூகவியலாளர் செய்னெப் துஃபெக்சி அதை முன்னின்று எழுதினார். பின்வாசல் என்று பயமுறுத்தினால் மக்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாத எஸ்எம்எஸ்சுக்குத்தான் ஓடுவார்கள் என்பது அவர்கள் கவலை. அதே ஆண்டு ஜூனில் கார்டியனின் வாசகர் ஆசிரியர், அந்தச் செய்தியை அப்படி எழுதியதில் குறை இருந்தது என்று எழுதினார்.

நான் அந்த வல்லுநர்கள் பக்கம்தான். ஆனால் போல்ட்டர் எழுப்பிய கேள்வி வெறுங்கேள்வி இல்லை. சாவி மாறும்போது இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். நின்று, ‘இவருடைய சாவி மாறியிருக்கிறது, அனுப்பட்டுமா?’ என்று கேட்கலாம். சிக்னல் செயலி அப்படித்தான் செய்தது. அல்லது அனுப்பிவிட்டுப் பிறகு தெரிவிக்கலாம். வாட்ஸ்அப் இதைத் தேர்ந்தெடுத்தது. போன் மாற்றிய அக்காவுக்கும் ஷிஃப்ட் முடிந்து வந்த தம்பிக்கும் கேள்வி கேட்காமல் நடப்பதுதான் உதவி. ஒவ்வொரு முறையும் கேட்டால் யாராக இருந்தாலும் படிக்காமல் சரி என்று அழுத்திவிடுவார்கள். ஆனால் செய்தியாளருக்கும், வழக்கறிஞருக்கும், பணம் கொடுக்கல் வாங்கல் பேசுபவருக்கும் அந்த மாற்றம் தெரிந்தாக வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இரட்டை டிக் விழுந்த செய்தியைப் போன் இப்படித் தானாக மறுபடி அனுப்பாது. ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது வழியில் நிற்கும் ஒற்றை டிக் செய்திகளுக்கு மட்டும்தான்.

சாவி மாற்றத்தைத் தெரிந்துகொள்ளும் வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. நாம்தான் அதைத் திறந்து வைக்க வேண்டும். `Settings`, அதில் `Account`, அதில் `Security notifications` என்று போய் அங்கே இருக்கும் பொத்தானைப் போட்டுவிட்டால், பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் சாவி மாறியதும் பேச்சுக்கு நடுவே ஒரு குறிப்பு தெரியும். அக்காவின் கதையில் தம்பி அதைப் போட்டிருந்தால் ஞாயிறு காலை அவன் திரையில் அக்காவின் பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்ற குறிப்பு வந்திருக்கும். பெரும்பாலும் அதற்குக் காரணம் புதுப் போன்தான். ஆனால் குறிப்பு வந்த பிறகு அந்த எண்ணிலிருந்து “அவசரம், இந்தக் கணக்குக்குப் பணம் போடு” என்று செய்தி வந்தால், ஒருவேளை ஓடிபியை ஏமாற்றி வாங்கி வேறொருவன் அந்த எண்ணைத் தன் போனில் பதிவு செய்திருக்கலாம். அவனுடைய போனும் புதுச் சாவியைத்தானே உண்டாக்கும்? குரலில் அழைத்து, “அக்கா, போன் மாத்தினியா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அதையும் தாண்டி முழுதாக உறுதி செய்ய விரும்பினால், அவர் பெயரைத் தொட்டு உள்ளே போய் மறையாக்கம் பற்றிய வரியைத் தொட்டால் 60 இலக்கங்கள் ஐந்தைந்தாகப் பன்னிரண்டு கட்டங்களில் தெரியும். அந்த எண், இருவர் பக்கத்துச் சாவிகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. தம்பி தன் திரையில் இருப்பதைப் போனில் படிக்க, அக்கா தன் திரையில் பார்த்துவர, அறுபதும் ஒத்துப்போனால் நடுவில் எவரும் இல்லை. நேரில் இருந்தால் படிக்கவும் வேண்டாம், ஒருவர் திரையிலிருக்கும் கியூஆர் கட்டத்தை மற்றவர் ஸ்கேன் செய்தால் போதும். 2023இல் வாட்ஸ்அப் இந்த ஒப்பீட்டைத் தானாகவே செய்யும் ஏற்பாடு ஒன்றையும் கொண்டுவந்தது. சர்வர் தரும் பூட்டுகள் எல்லாம் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறும். ஏறியதை ஓசையில்லாமல் மாற்ற முடியாது.

சில செய்திகள் வரவே வராது என்பதையும் சொல்ல வேண்டும். மறுபடி பூட்டி அனுப்ப அனுப்பியவரின் போனில் அந்தச் செய்தி எழுத்தாக இருந்தாக வேண்டும். சீட்டு போய்ச் சேர்வதற்குள் அவர் போன் தொலைந்திருந்தால், அல்லது வாட்ஸ்அப்பை அழித்துவிட்டுப் பேக்கப் இல்லாமல் மறுபடி தொடங்கியிருந்தால், அனுப்புவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அந்த வரி அப்படியே நிற்கும். வாட்ஸ்அப் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டாலும் மீட்டுத் தர அவர்களிடம் ஏதும் கிடையாது. அனுப்பியவரிடம், “அன்னிக்கு என்ன அனுப்பினீங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

இதோடு சேர்த்து, கண்ணில் படாத ஓர் இழப்பும் உண்டு. அக்காவின் பேக்கப் சனிக்கிழமை அதிகாலை 2 மணிக்கு எடுத்தது. அதற்குப் பிறகு மாலை 6 மணி வரை பழைய போனுக்கு வந்து, அவர் படித்தும் முடித்த செய்திகள் பேக்கப்பிலும் இல்லை, சர்வரிலும் இல்லை. அனுப்பியவர்கள் திரையில் இரட்டை டிக் விழுந்துவிட்டதால் அவர்கள் போனும் மறுபடி அனுப்பாது. அவை காத்திருக்கும் வரியாகக்கூட வராமல், இருந்த சுவடே இல்லாமல் போயின. மளிகைக் கடைக்காரர் அன்று மதியம் அனுப்பிய பில்லைத் தேடியபோதுதான் அக்காவுக்கே அது தெரிந்தது.

ஆகவே போன் மாற்றுபவர்களுக்கு, பழைய போன் இன்னும் இயங்கும் நிலையில் இருந்தால், நான் சொல்லும் வரிசை இதுதான். கடைக்குப் போவதற்கு முன் பழைய போனை வைஃபையில் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்து சில நிமிடம் வையுங்கள். சர்வரில் நிற்கும் செய்திகள் எல்லாம் பழைய சாவியிலேயே திறந்து இறங்கிவிடும். பிறகு `Settings`, `Chats`, `Chat backup` என்று போய் அப்போதே ஒரு பேக்கப் எடுங்கள். இரவு தானாக எடுத்ததை நம்ப வேண்டாம். அது முடிந்த உடனேயே புதுப் போனில் எண்ணைப் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு குறைந்த நேரமோ, காத்திருக்கும் வரிகளும் அவ்வளவு குறைவாக இருக்கும். நெட்டே போடாத பெரியப்பாக்களுக்கு மட்டும் அன்று மாலை ஒரு போன் போட்டு, வாட்ஸ்அப்பைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.